கார்டைக் கொடுப்பதற்கு முன் அந்தக் குட்டித் திரையைப் பாருங்கள்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் நடந்தது. பில் ₹468. போனுக்கு வந்த மெசேஜில் ₹4,680 போயிருக்கிறது.

கல்லாவில் இருந்தது இரண்டு திரை வைத்த கார்டு மெஷின். பெரிய திரை கடைக்காரர் பக்கம். நம் பக்கம் சின்னத் திரை ஒன்று இருக்கும், தொகை அதில் வந்த பிறகுதான் கார்டை வைக்க வேண்டும். இங்கே அதன் மேலேயே ஆடித் தள்ளுபடி ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தார்கள்! "தம்பி, எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டேன். "பில் தொகைதாண்ணே" என்று சொல்லிக்கொண்டே கார்டை வாங்கி அவரே டேப் செய்துவிட்டார்.

இந்த மாதிரி மெஷின்களில் பைசாவையும் சேர்த்து அடிக்கணும். 468 ரூபாய்க்கு 46800 என்று அடித்தால் திரையில் 468.00 வரும், கை தவறி இன்னொரு சைபர் விழுந்தால் 4680.00. டேப் செய்யும்போது ₹5,000 வரை பின் நம்பர் தேவையில்லை என்பது 2021 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு, அதனால் நம்மை நிறுத்திக் கேட்க எதுவுமே இல்லாமல் பணம் போய்விடுகிறது. அதாவது டேப்தான் நம் சம்மதம். கார்டு அந்தத் தொகைக்குத்தான் ஒப்புதல் கொடுக்கிறது, அப்புறம் மெஷினிலேயே தொகையைத் திருத்த முடியாது.

பில் போடும் கம்ப்யூட்டரில் 468 என்று சரியாகத்தான் இருந்தது, அதைக் காட்டித்தான் கடைசிவரை வாதாடினார்கள். அது வேறு, கார்டு மெஷின் வேறு. இரண்டையும் இணைக்காத கடைகளில் தொகையை மெஷினில் கையால்தான் மறுபடி அடிக்கிறார்கள்.

அந்தப் பையன் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரையை மறைத்தது கடைக்காரர்களின் வேலைதானே? அதைவிடக் கோபம், அடுத்து நடந்ததுதான். அன்றைய கணக்கை மெஷினில் முடிப்பதற்குள் அந்த ஸ்லிப்பை வைத்து 'வாய்ட்' போட்டு, அதாவது அந்தப் பேமென்டையே ரத்து செய்திருந்தால் விஷயம் அங்கேயே தீர்ந்திருக்கும். "முதலாளி இல்லண்ணே, நாளைக்கு வாங்க" என்று அனுப்பினார்கள். மறுநாள் போனால் கணக்கு முடிந்துவிட்டதாம், இனி ரீஃபண்டுதான், அதற்கு நாளாகும் என்று கையை விரித்துவிட்டார்கள். பணம் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

திரையை மறைத்திருந்தாலோ மெஷினைத் திருப்பிக் காட்ட மறுத்தாலோ கார்டைக் கொடுக்காதீர்கள், காசாகக் கொடுத்துவிடுங்கள். தொகை தப்பாகப் போயிருந்தால் கடையை விட்டு நகராமல் அங்கேயே வாய்ட் போடச் சொல்லுங்கள், அந்த ஸ்லிப்பில் VOID என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். நான் பேங்க் ஆப்பில் டேப் வசதியையே நிறுத்திவிட்டேன். இப்போது கார்டைச் சொருகி, தொகையைப் பார்த்து, பின் நம்பர் போட்டால்தான் பணம் போகும்.