வேலை மாறிய வருடத்தில் டிபி3 பாரம்: என் பயன்பாட்டு அனுபவம்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆபிஸ், செம்பனை ஆலை வேலையை விட்டு ஈப்போ தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் வருடத்தின் நடுவில்தான் போவார்கள். புது இடத்தில் சம்பளம் கூடியிருக்கும். ஆனால் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்தால் மாதாந்திர வரிப் பிடித்தமான பிசிபி குறைந்திருக்கும், சில பேருக்குப் பூஜ்யமாகவே இருக்கும். சம்பளம் ஏறி பிசிபி இறங்கினால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். விட்டுப்போனது அநேகமாக, பழைய வேலையின் சம்பளத்தையும் பிடித்தத்தையும் புது முதலாளிக்குத் தெரிவிக்கும் டிபி3 பாரம்தான்.

ஆலை ஆபிஸில் சம்பளக் கணக்குப் பார்த்தவள் நான். வேலை மாறியபோதெல்லாம் இந்தப் பாரத்தைக் கொடுத்திருக்கிறேன். கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன என்பதை ஒரே வருடத்தில் பக்கத்தில் பக்கமாகப் பார்க்கவும் முடிந்தது. என்னோடு ஆலையில் இருந்த ஃபோர்மன் அண்ணனும் நானும் ஒரே ஜூலையில் மாறினோம், வேறு வேறு கம்பெனிக்கு. கணக்கு எளிதாகப் புரிய, எங்கள் இருவருக்கும் ஒரே சம்பளம் என்று வைத்துக்கொள்கிறேன்: ஜூன் வரை மாதம் 5,000 வெள்ளி, ஜூலையிலிருந்து 6,200. திருமணமாகாதவர், தனிநபர் கழிவு 9,000, ஈபிஎஃப் கழிவு 4,000, வேறு கழிவு எதுவும் இல்லை. வரி விகிதம் 2023 வரி ஆண்டிலிருந்து உள்ளது.

பழைய முதலாளி, 5,000 வெள்ளி பன்னிரண்டு மாதமும் வரும் என்று எடுத்துக்கொண்டுதான் பிடிப்பார். வருடத்துக்கு 60,000, கழிவு போக 47,000, அதற்கு வரி 1,320. மாதம் 110 வெள்ளி வீதம் ஜூன் வரை 660 பிடித்தாயிற்று. இதில் தப்பு எதுவும் இல்லை.

புது கம்பெனியின் சம்பள மென்பொருளுக்கோ நீங்கள் ஜூலையில் பிறந்தவர் மாதிரிதான். ஜனவரி முதல் ஜூன் வரை வாங்கிய 30,000 வெள்ளி அதற்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு 37,200 மட்டும்தான் உங்கள் வருட வருமானம் என்று எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து 9,000 கழிவை முழுசாக இன்னொரு தடவை கழிக்கும். ஈபிஎஃப் கழிவு 4,000-ஐயும் இன்னொரு தடவை கழிக்கும். மிச்சம் 24,200. அதற்கு வரி 276 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு என்பதால் அதுவும் போய்விடும். பிசிபி பூஜ்யம்.

உண்மையில் அந்த வருட வருமானம் 67,200. கழிவுகளை ஒரே தடவை கழித்தால் 54,200. 50,000-க்கு மேல் போகும் பகுதிக்கு 11 விழுக்காடு வரி என்பதால் மொத்த வரி 1,962 வெள்ளி. பழைய இடத்தில் பிடித்தது 660. பாக்கி 1,302.

டிபி3 கொடுத்தால் இதே 1,302 மறைந்துவிடாது, ஆனால் ஆறு மாதத்துக்குப் பிரிந்து மாதம் 217 வெள்ளியாக வரும். என் சீட்டில் நான் எதிர்பார்த்தது இந்த மாதிரியான தொகையைத்தான், வந்ததும் அதுதான். அண்ணன் சீட்டில் டிசம்பர் வரை பூஜ்யம். அடுத்த வருடம் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது, "என்ன தங்கச்சி, ஆலையில மாசாமாசம் பிடிச்சிட்டுதானே இருந்தாங்க, இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். அவர் மேல் குறை சொல்ல முடியாது. வேலையில் சேர்ந்த அன்று அவரிடம் கையெழுத்து வாங்கிய காகிதக் கட்டில் அந்தப் பாரமே இல்லை. அது எனக்கு இன்னமும் ஆதங்கம்தான். புது ஆளைச் சேர்க்கும் எந்த ஆபிஸும் அதை முதல் நாளே நீட்ட வேண்டும்.

பாரம் வருமான வரி வாரியத்தின் இணையதளத்தில் கிடைக்கும். நிரப்பி புது முதலாளியிடம் கொடுக்க வேண்டும், வாரியத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. பழைய முதலாளியின் விவரம், இந்த வருடம் அங்கே வாங்கிய மொத்தச் சம்பளம், போனஸ் மாதிரி கூடுதல் வருமானம், ஈபிஎஃப், ஜக்காத் இருந்தால் அது, பிடித்த பிசிபி, ஏற்கெனவே கேட்டு வாங்கிய கழிவுகள் என்று கேட்கும். பழைய இடத்தின் வருடச் சம்பள விவரமான இஏ பாரம் அடுத்த பிப்ரவரி கடைசியில்தான் வரும், அதற்காகக் காத்திருந்தால் வருடமே முடிந்துவிடும். கடைசி சம்பளச் சீட்டில் ஜனவரியிலிருந்து கூட்டிய தொகை இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் எல்லா மாதச் சீட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: சிபி38 என்ற பெயரில் பிடித்த பணம் பழைய வருடப் பாக்கிக்கானது. அதை பிசிபியோடு சேர்த்து எழுதினால் இந்த வருடப் பிடித்தம் குறைந்துபோகும்.

பாரம் கொடுத்தவுடன் வேலை முடிந்தது என்று நான் நினைப்பதில்லை. மனிதவளப் பிரிவில் பாரத்தை ஃபைலில் வைத்துவிட்டு மென்பொருளில் ஏற்றாமல் விடுவது நடக்கிற விஷயம். வாரியத்தின் இணையதளத்தில் இருக்கும் பிசிபி கணிப்பானில் பழைய வேலையின் தொகைகளையும் போட்டு, வரும் எண்ணை முதல் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 217 வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் நின்றால் ஏற்றவில்லை. அப்போதே கேட்டால் சரியாகிவிடும். செப்டம்பரில் ஏற்றினால் மிச்சம் நான்கு மாதம், மாதம் 325 வெள்ளி 50 காசு. டிசம்பரில் ஏற்றினால் 1,302-உம் அந்த ஒரே சம்பளத்தில் போய்விடும், அதுவும் வருடக் கடைசியில், பள்ளிச் செலவு நெருங்கும் நேரத்தில்.

இந்தப் பாரம் பிடித்தத்தைக் கூட்ட மட்டும்தான் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். இரண்டு மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருந்துவிட்டுப் புது வேலையில் சேர்ந்தவருக்கு, பழைய இடத்தில் பன்னிரண்டு மாதக் கணக்கில் பிடித்தது அதிகமாகியிருக்கும். டிபி3 அதையும் கணக்கில் எடுத்து, அந்த வருட வரியில் மிச்சம் இருப்பதை மட்டும் பிடிக்க வைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பவருக்கு மட்டும் இது உதவாது, ஒன்றை விட்டு இன்னொன்றில் சேர்ந்தவருக்கான பாரம் இது.

அப்புறம் தாக்கல். பிசிபியே இறுதி வரி என்று விட்டுவிடும் சலுகை, வருடம் முழுக்க ஒரே முதலாளியிடம் இருந்தவர்களுக்குத்தான். வேலை மாறியவர் வருட வருமான வரிக் கணக்கான பிஇ பாரத்தைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். பழைய இடத்து இஏ வரவில்லையென்றால் மார்ச்சிலேயே போன் செய்து கேட்டு வாங்குங்கள். இரண்டு இஏ-வின் சம்பளத்தையும் கூட்டி ஒரே எண்ணாக, இரண்டு பிசிபியையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட வேண்டும். ஈபிஎஃப் மட்டும் கூட்டிய தொகை அல்ல: எங்கள் உதாரணத்தில் 3,300-உம் 4,092-உம் சேர்ந்து 7,392 வந்தாலும் கழிவு 4,000-தான். தாக்கல் கெடு ஏப்ரல் 30, இணையத்தில் செய்தால் வழக்கமாக மே 15 வரை அவகாசம் தருகிறார்கள். அதற்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் அதன் மேல் 10 விழுக்காடு கூடும், அண்ணன் கணக்கில் அது 130 வெள்ளி 20 காசு. அவர் கெடுவுக்குள் கட்டிவிட்டார்.