4.5 கிலோவாட் ஹீட்டர் ஏன் காலை வாரியது: ஐந்து வருட அனுபவம்

டாங்க் இல்லாத இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கும்போது நான் கேட்ட ஒரே கேள்வி, "ஒரு ஆள் குளிக்க எத்தனை கிலோவாட் வேணும்?" கடைக்காரர் 4.5 என்றார், வாங்கி மாட்டிவிட்டேன். கேள்வியே தப்பு என்பது பிறகுதான் புரிந்தது. ஹீட்டருக்கு ஆள் கணக்குத் தெரியாது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தன் வழியாகப் போகிறது, அதை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும், இந்த இரண்டுதான் அதற்குத் தெரியும்.

மாட்டியது வெயில் காலத்தில். தண்ணீர் இதமாக வந்தது, நல்ல சாமான் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். குளிர்காலம் வந்ததும் சாயம் வெளுத்தது. திருகி முழுசாகத் திறந்தால் ஷவரில் வருவது பச்சைத் தண்ணீருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பழுது என்று ஆளைக் கூப்பிட்டேன். அவர் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பார்த்து, "ஹீட்டர் முழு கரண்டையும் எடுக்குது சார், ஒரு கோளாறும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் வாளியை எடுத்தேன். பத்து லிட்டர் வாளி ஷவரில் நிரம்ப 75 வினாடி, அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர். விடியற்காலையில் குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டுத் தெர்மாமீட்டரில் பார்த்தால் 18 டிகிரி. (மொட்டைமாடி டாங்க் தண்ணீரை மத்தியானம் அளந்து ஏமாறாதீர்கள்; குளிக்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும்.) குளிக்க எனக்கு 38 வேண்டும், ஆக ஏற்றம் 20 டிகிரி.

கணக்கு இதுதான்: நிமிடத்துக்கு லிட்டர் × டிகிரி ஏற்றம் × 0.07 = கிலோவாட். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4.19 கிலோஜூல் ஆகிறது. அதை 60 வினாடியால் வகுத்தால் வருவதுதான் அந்த 0.07. என் கணக்கு 8 × 20 × 0.07, விடை 11.2 கிலோவாட். கையில் இருந்தது 4.5. அதை வைத்து 8 லிட்டரை 8 டிகிரிதான் ஏற்ற முடியும்: 18 போய் 26 ஆகும். வெயில் காலத்தில் வரும் தண்ணீரே 27 டிகிரி இருந்ததால் 35 வரை போயிருக்கிறது. நான் மெச்சியதில் பெரும்பங்கு வெயிலுக்குப் போக வேண்டியது!

11.2 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 49 ஆம்பியர். என் வீட்டு சிங்கிள் ஃபேஸ் இணைப்பு அதைத் தாங்காது. அதனால் தண்ணீர்ப் பக்கம் வந்தேன். துளை குறைந்த ஷவர் தலை ஒன்று மாட்டியதும் 4 லிட்டராக இறங்கியது. நனைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இப்போது தேவை 5.6 கிலோவாட், ஆகவே 6 கிலோவாட் ஹீட்டருக்கு மாறினேன். இது 26 ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் பிளக்கில் சொருகும் சாமான் இல்லை. 6 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரைத் தனியாக இழுத்து, கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் 32 ஆம்பியர் எம்.சி.பி.யும், கரண்ட் கசிந்தால் அணையும் ஆர்.சி.சி.பி.யும் போட்டுக் கொடுத்தார் எலக்ட்ரீஷியன்.

வோல்டேஜையும் மறக்கக் கூடாது. எங்கள் வீட்டில் சில நாள் 210க்கு இறங்கிவிடும். வோல்டேஜ் குறைவது கொஞ்சம்தான், ஆனால் சக்தி அதன் வர்க்கத்தில் குறையும். 230 வோல்ட்டுக்கான 6 கிலோவாட், 210ல் 5 ஆகிவிடுகிறது. அன்றைக்கு ஷவரை இன்னும் கொஞ்சம் மூடி, 3.5 லிட்டரில் குளிப்பேன். அதே 20 டிகிரி கிடைத்துவிடும்.

வீட்டில் எல்லோரும் செய்த தப்பு ஒன்று: சூடு அதிகம் என்று மிக்ஸரில் பச்சைத் தண்ணீரைக் கலப்பது. கலந்தால் ஹீட்டர் வழியாகப் போகும் தண்ணீர் குறைகிறது, அது இன்னும் சூடாகிறது, மறுபடி கலக்கிறோம். ஒரு கட்டத்தில் உள்ளே இருக்கும் ஃப்ளோ ஸ்விட்ச், தண்ணீரே வரவில்லை என்று நினைத்து ஹீட்டரை நிறுத்திவிடும். சோப்புப் போட்ட தலையில் பச்சைத் தண்ணீர் கொட்டும். சூடு கூடினால் ஹீட்டரின் படியைக் குறைக்க வேண்டும், அல்லது ஷவரை நன்றாகத் திறக்க வேண்டும்.

மூன்றாம் வருடம் ஒரு வேடிக்கை. அதே படியில் தண்ணீர் நாளுக்கு நாள் சூடாகிக்கொண்டே போனது. ஹீட்டர் திடீரென்று வீரியம் கூடியதா என்ன? வாளியை வைத்தால் பத்து லிட்டருக்கு 200 வினாடி, அதாவது நிமிடத்துக்கு வெறும் 3 லிட்டர். எம்.சி.பி.யை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி, உள்வரும் குழாயின் வலையைக் கழற்றினேன்; மணலும் சுண்ணாம்புத் துகளுமாக அடைத்திருந்தது. கழுவி மாட்டியதும் பழையபடி 150 வினாடி.