தர்மபுரியில் கிடைத்த ஒரு பக்கக் கடிதம்

அப்பாவுக்குப் பக்கவாதம் என்று தம்பி போன் செய்ததும் மான்செஸ்டரில் இருந்து கிளம்பினேன். பெங்களூரில் இறங்கி, ஓசூர் வழியாகத் தர்மபுரி வந்து சேரும்போது மூன்றாம் நாள் காலை.

முதலில் சேர்த்த பெரிய ஆஸ்பத்திரியில் "48 மணி நேரம் போகட்டும், அப்புறம் சொல்றோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். 48 மணி நேரமும் போனது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இனிமே அவரு கையால களி எடுத்துச் சாப்பிடுவாரா?" மூன்று நாள் அதற்குப் பதில் இல்லாமல் அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

அன்றே டவுனுக்குள் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு மாற்றினோம். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அப்பாவின் வலது கையைத் தன் உள்ளங்கையில் வைத்து, "விரலை நீட்டுங்க ஐயா" என்றார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கொஞ்சம் நிமிர்ந்தன. தோளைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். அதுவும் ஒரு சாண் எழுந்தது. பிறகு உட்கார்ந்து, தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி அம்மாவிடம் கொடுத்தார். மான்செஸ்டரில் கிளினிக் போய் வந்தால் கடிதம் வீட்டுக்கே வரும், ஆனால் அது பெரும்பாலும் இன்னொரு டாக்டருக்கு எழுதியதன் நகல். இது அம்மாவுக்கே எழுதியது.

மேல்பாதியில் டயக்னோசிஸ்: மூளையின் இடது பக்கம் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, அதனால் வலது கை, கால் பலவீனம். இது நடந்து முடிந்தது, ஸ்கேனில் தெரிகிறது.

கீழ்ப்பாதியில் ப்ரொக்னோசிஸ்: "இது இனி என்ன ஆகும் என்ற கணிப்பு. முதல் மூன்று நாளுக்குள் விரலும் தோளும் இப்படி அசைந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல், ஆறு மாதத்தில் கை ஓரளவு உதவும். ஓரளவுதான், பழைய பலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 100 பேரில் இவர் யார் என்று எனக்குத் தெரியாது. முன்னேற்றம் அதிகம் தெரிவது முதல் மூன்று மாதம். நடுவில் சளி நுரையீரலில் இறங்கினாலோ, இன்னொரு அடைப்பு வந்தாலோ இந்தக் கணிப்பு மாறும். ஆறு வாரம் கழித்துப் பார்த்து மறுபடி எழுதுகிறேன்."

தம்பி 90-ஐ மட்டும் படித்துவிட்டு, "அப்பா, உங்களுக்குச் சரியாயிடும்" என்று சொல்லப் போனான். டாக்டர் அவனை நிறுத்தி, 'ஓரளவு' என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். விரலும் தோளும் அசையாமலே இருந்திருந்தால் நாலில் ஒருவருக்குத்தான் அந்த அளவும் கிடைத்திருக்கும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

நான் திரும்பி வந்த பிறகு இரண்டாவது கடிதத்தைத் தம்பி படம் எடுத்து அனுப்பினான். மேல்பாதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கீழே, கால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது, விரல்கள் மெதுவாகத்தான் வருகின்றன, ஸ்பூன் பிடிப்பார், களி உருட்ட இன்னும் நாளாகும் என்று இருந்தது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.