பட அட்டவணையில் ஓர் எண்ணை மாற்ற: மேலே பெட்டியா, உள்ளேயே திருத்தமா?

அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட் ஸ்லைடில் இருக்கிறது. 4,820 என்பது 4,280 ஆக வேண்டும். மூல எக்செல் கையில் இல்லை.

பவர்பாயிண்டிலேயே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் வைத்து மறைப்பது வேகமான வழி. ஐடிராப்பரால் அந்தக் கட்டத்தின் நிறத்தை எடுத்து நிரப்புங்கள், அவுட்லைனை நீக்குங்கள், உள் மார்ஜின்களைப் பூஜ்யமாக்குங்கள். பெட்டி கோடுகளைத் தொடாமல் சற்று உள்ளே நிற்கட்டும். அப்புறம் படத்தோடு சேர்த்து `Ctrl+G`. இல்லையென்றால் படத்தை நகர்த்தும்போது பழைய எண் எட்டிப்பார்க்கும். குறை என்னவென்றால், படத்தைப் பெரிதாக்கியிருந்தால் புது எண் மட்டும் பளிச்சென்று தெரியும்.

பெயிண்டில் திருத்துவது பொறுமை கேட்கும். ஆனால் இங்கே 8, 2 இரண்டும் படத்திலேயே இருக்கின்றன. ஸ்லைடில் சுருக்கிய படத்தை விட்டு மூலப் படத்தைத் திறந்து, 800% பெரிதாக்கி, இலக்கங்களை இடம் மாற்றி ஒட்டினால் எழுத்துரு தானாகவே பொருந்தும். வேறு நிற வரிசையிலிருந்து இலக்கம் எடுத்தால் மட்டும் ஓரத்தில் வெளிறிய வளையம் தெரியும். PNG ஆகச் சேமியுங்கள். JPEG கோடுகளைச் சுற்றி அழுக்குப் புள்ளி விடும்.

என் ஓட்டு பெயிண்டுக்கு. தேவையான இலக்கம் படத்தில் எங்குமே இல்லையென்றால் பெட்டிதான். கூட்டுத்தொகை வரிசை இருந்தால் அதையும் பாருங்கள், அதுவும் 540 குறையும்.