ஃப்ளூவாக்ஸெட்டினா, பராக்ஸெட்டினா? தொடங்கும்போதும் நிறுத்தும்போதும்

இரண்டுமே எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகள். பெட்டிக்குள் இருக்கும் தகவல் தாள்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நிஜமான வித்தியாசம், மருந்து உடம்பில் எத்தனை நாள் தங்குகிறது என்பதில்தான்.

முதல் சில வாரங்களில் இரண்டும் ஒரே மாதிரி பொறுமையைச் சோதிக்கும். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் தெரியவோ 2 முதல் 4 வாரம் ஆகும், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம். பலர் இந்த இடைவெளியில்தான் "நமக்கு ஒத்துக்கவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். பாலுறவு சார்ந்த தொந்தரவு பெரும்பாலும் அப்படித் தானாகப் போவதில்லை. பராக்ஸெட்டினில் அது கூடுதல். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டியது இது. ஃப்ளூவாக்ஸெட்டின் கொஞ்சம் சுறுசுறுப்பு தருவதால் காலையில் போடச் சொல்வார்கள். எதுவானாலும், முக்கியமாக 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, தொடக்கத்தில் தற்கொலை எண்ணமோ தாங்க முடியாத பதற்றமோ வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி நிறுத்தும் கதை. ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து மூன்று நாள் விட்டுப்போனதாக வைத்துக்கொள்வோம். பராக்ஸெட்டின் சுமார் ஒரு நாளில் பாதியாகக் குறையும், ஆகவே எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல ஒரு 'விர்'. ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பில் மாறி உருவாகும் பொருள் பாதியாகக் குறையவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம், அதனால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

இப்படி நாலைந்து நாளில் வரும் புதுத் தொந்தரவு பெரும்பாலும் நோய் திரும்பியதன் அடையாளம் அல்ல. மருந்தைத் திரும்பத் தொடங்கினால் சீக்கிரம் அடங்கும். நோய் திரும்புவது பெரும்பாலும் மெதுவாக, பழைய சோர்வின் முகத்தோடு வரும். ஃப்ளூவாக்ஸெட்டினில் இந்தக் கணக்கு குழம்பும், ஏனென்றால் நிறுத்திய விளைவே சில வாரம் கழித்துத்தான் தலைகாட்டலாம்.

அதனால் பராக்ஸெட்டினை, குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்: உதாரணமாக 20 மி.கி.யிலிருந்து 10, அப்புறம் 5, அதற்கும் கீழே, ஒவ்வொரு படியிலும் சில வாரம். 20-லிருந்து 10-க்கு வருவது லேசாக இருந்தாலும் 5-லிருந்து பூஜ்யத்துக்குப் போவது கடினம், ஏனென்றால் சிறிய டோஸே மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. மெதுவாக மருந்தை விடும் சிஆர் மாத்திரையாக இருந்தால் உடைக்கவே கூடாது.

மாத்திரையை அடிக்கடி மறப்பவருக்கு என் ஓட்டு ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு. ஆனால் நீண்டநாள் தங்குவதே அதன் குறையும்கூட: எம்ஏஓஐ எனும் பழைய வகை மனச்சோர்வு மருந்துக்கு மாற வேண்டுமென்றால், இதை நிறுத்திவிட்டு 5 வாரம் காத்திருக்க வேண்டும்.