அடித்தளச் சலவை அறையில் ஏழு ஆண்டுகள்: டிரையரில் சேலை போட்ட அனுபவம்

டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில், பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஏழு ஆண்டுகளாக வசிக்கிறோம். வீட்டுக்குள் வாஷிங் மெஷின் வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் அனுமதி இல்லை, பால்கனியில் துணி காயப்போடவும் கூடாது. அதனால் வாரம் ஒரு முறை கூடையைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சலவை அறைக்கு இறங்குகிறோம். துண்டு, படுக்கை விரிப்பு, பிள்ளைகளின் பள்ளி உடை ஆகியவற்றைப் பொறுத்தவரை அங்குள்ள இயந்திரங்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. சேலைக்கும் கம்பளிக்கும் அவை என்ன செய்தன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் இழப்பு ஒரு கண்டாங்கிச் சேலை. காரைக்குடியிலிருந்து என் மாமியார் எடுத்துக் கொடுத்த, கடுகு மஞ்சள் கரை வைத்த அரக்கு நிறப் பருத்திச் சேலை அது. பருத்திதானே என்ற துணிச்சலில் மற்றத் துணிகளோடு துவைத்து, டிரையரிலும் போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டிவிட்டு மேலே வந்துவிட்டேன். திரும்பிச் சென்று கதவைத் திறந்தபோது சேலை வடக்கயிறாக முறுக்கிக்கொண்டு, இரண்டு தலையணை உறைகளைத் தன் வயிற்றுக்குள் விழுங்கிக் கிடந்தது. வெளிச்சுற்று தொட முடியாத சூடு, உள்ளே இருந்த உறைகளோ இன்னும் ஈரம். பஞ்சு வடிகட்டியை உருவிப் பார்த்தால் விரல் கனத்துக்கு அரக்கு நிறப் பஞ்சு படிந்திருந்தது. அவ்வளவும் சேலையிலிருந்து உரசி உதிர்ந்த நூல்.

வீட்டில் அளந்து பார்த்தபோது ஐந்தரை மீட்டர் சேலை 23 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அதைவிடக் கண்ணை உறுத்தியது கீழ்க்கரை. நான் தைத்திருந்த ஃபால்ஸ் பாலியெஸ்டர் கலந்தது, அது சுருங்கவில்லை. மேலே இருந்த பருத்தி மட்டும் சுருங்கியதால் கரை நெடுகிலும் அலை அலையாக எழும்பிவிட்டது. எத்தனை முறை இஸ்திரி போட்டும் அது படியவில்லை. ஃபால்ஸைப் பிரித்து மறுபடி தைத்த பிறகுதான் கொசுவம் ஒழுங்காக நின்றது.

தறியில் நூல் இழுத்துப் பிடிக்கப்பட்ட நிலையில் நெய்யப்படுகிறது. நனைந்ததும் அந்த இழுவை தளர்ந்து, நூல் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். கொடியில் தொங்கவிட்டால் ஈரச் சேலையின் பாரமே அதை ஓரளவு இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. டிரையருக்குள் பிடிமானம் எதுவும் இல்லாமல் உருண்டு விழுந்துகொண்டே காய்வதால், சுருங்க வாய்ப்புள்ள அளவில் பெரும்பகுதி முதல் தடவையிலேயே சுருங்கிவிடுகிறது.

வீட்டு டிரையர்கள் பலவற்றில் ஈரத்தை உணர்ந்து தானாக நிறுத்தும் வசதி உண்டு. எங்கள் அடித்தளத்தில் இருப்பவை நேரக் கணக்கில் ஓடுபவை. ஒரு மணி நேரத்துக்குக் கட்டினால், துணி இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே காய்ந்துவிட்டாலும் மீதி முப்பத்தைந்து நிமிடங்களும் அது வறுபடத்தான் வேண்டும். ஈரம் இருக்கும்வரை நீர் ஆவியாவதில் வெப்பம் செலவாகித் துணி அதிகம் சூடேறாமல் இருக்கும், ஈரம் போனதும் சூடு நேரடியாக நூலில் ஏறும். ஒரு நாள் சமையலறை வெப்பமானியைக் கையோடு கொண்டுபோய், குறைந்த சூட்டில் ஓட்டி முடித்த துணிக் குவியலுக்குள் செருகினேன். 63 டிகிரி காட்டியது. பராமரிப்புச் சீட்டில் சதுரத்துக்குள் வட்டமும் அதில் ஒரு புள்ளியும் இருந்தால் 60 டிகிரி வரை, இரண்டு புள்ளி இருந்தால் 80 டிகிரி வரை என்று பொருள். நம் சேலைகளில் பெரும்பாலும் அந்தச் சீட்டே இருப்பதில்லை.

பட்டில் சேதம் டிரையருக்கு முன்பே, துவைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. பருத்தி நனைந்தால் அதன் வலிமை கூடும். ஊரில் துவைகல்லில் அடித்துத் துவைத்த வேட்டிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். பட்டும் கம்பளியும் நேர்மாறானவை, நனைந்தால் வலிமை குறைபவை. எங்கள் பழைய மெஷினின் நடுவே துணியைப் புரட்டுவதற்கு ஒரு திருகுத் தண்டு உண்டு. மென்பட்டுச் சேலை ஒன்றை அதில் மென்மைச் சுற்றில்தான் போட்டேன். காய்ந்த பிறகு மடிப்பு விழுந்த இடங்களில் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெளிறிய கீற்றுகள் தெரிந்தன. முதலில் சோப்புத் தூள் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் அலசினேன், போகவில்லை. சாயம் போனதன் அடையாளமும் அல்ல அது. இழையின் மேற்புறம் உரசலில் நுண்ணிய நார்களாகப் பிரிந்து, ஒளியைச் சிதறடிப்பதால் தெரியும் வெளிறல். அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

ஜரிகையின் கதை வேறு. வெள்ளியைத் தட்டையாக்கிப் பட்டு இழைமேல் சுற்றித் தங்க முலாம் பூசியது உண்மையான ஜரிகை. அது முறுக்கலிலும் கசங்கலிலும் ஒடியும். விலை குறைந்த சேலைகளில் இருப்பது உலோகப் பூச்சுள்ள பாலியெஸ்டர் படலம். சூடு பட்டால் அந்தப் படலம் சுருங்குகிறது, கூட இருக்கும் பட்டு அவ்வளவு சுருங்குவதில்லை. என் தோழி ஒருத்தியின் சேலைக் கரை டிரையரிலிருந்து வெளிவந்தபோது, தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போல இருந்தது.

கம்பளியில் நான் கற்றதற்கு விலை ஒரு ஸ்வெட்டர். கம்பளி இழையின் மேல் மீன் செதில்போல் நுண்செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் உலுக்கலும் சேரும்போது இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பின்வாங்க முடியாமல் இறுகிவிடுகின்றன. என் கணவருடைய ஸ்வெட்டர் எங்கள் ஆறு வயது மகனுக்குச் சரியாக இருக்கும் அளவுக்கு வந்தது. பின்னல் கண்களே தெரியாமல் கம்பளம்போல் தடித்துவிட்டதால் அவனும் போடவில்லை. வெட்டிச் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியாக வைத்திருக்கிறேன், அதற்கு நன்றாகவே இருக்கிறது. இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சீட்டிலேயே குறித்திருக்கும் கம்பளிகளில் அந்தச் செதில்களை முன்கூட்டியே மழுக்கியோ பூசியோ இருப்பார்கள். அவைகூட டிரையருக்கு ஏற்றவை என்று அந்தக் குறிப்புக்குப் பொருள் இல்லை.

பொது இயந்திரத்துக்கே உரிய இன்னொரு ஆபத்து, நமக்கு முன் துவைத்தவர் விட்டுச்சென்ற ப்ளீச். குளோரின் ப்ளீச் பருத்தியை வெளுக்கும், பட்டையும் கம்பளியையும் அரித்துக் கரைத்தே விடும். தொட்டிக்குள் தலையை நீட்டி மோந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நீச்சல்குள வாடை அடித்தால் அடுத்த மெஷினுக்குப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு பழைய மெஷின்களை எடுத்துவிட்டு முன்பக்கக் கதவு உள்ளவற்றைப் பொருத்தினார்கள். திருகுத் தண்டு இல்லாததால் பருத்திச் சேலைகளுக்கு இவை எவ்வளவோ மேல். சேலையை நான்காக மடித்து, முந்தானையை உள்ளே வைத்து வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீரில் மென்மைச் சுற்றில் ஓட்டுகிறேன். முறுக்குவதில்லை, பஞ்சும் உதிர்வதில்லை. டிரையர்கள் மட்டும் அதே நேரக் கணக்கில் ஓடுபவைதான்.

அதனால் இப்போது சேலைகள் மேலே வந்து, குளியலறைத் திரைக்கம்பியில் இரட்டையாக மடித்துத் தொங்குகின்றன. இங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது உள்ளே காற்று மிகவும் வறண்டுபோகும். இரவு போட்ட பருத்திச் சேலை காலை காபிக்கு முன் காய்ந்துவிடுகிறது, கோடையில்தான் ஒரு பகல் கூடுதலாகப் பிடிக்கிறது. கம்பளியைக் குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, மேசைமேல் பரப்பிவிடுகிறேன். பட்டை நான் துவைப்பதே இல்லை. கட்டி அவிழ்த்ததும் ஓர் இரவு காற்றாட விட்டு மடித்து வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்குப் போகும்போது பெட்டியில் கொண்டுபோய் டிரை வாஷுக்கும் பாலிஷுக்கும் கொடுத்து வாங்கி வருகிறேன்.