ரெடிமேட் மண்கலவை மூட்டை வாங்குகிறவர்கள் ஒரு நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்

"செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சமபங்கு, அப்படியே தொட்டியில் போட்டு நடலாம்" என்று சொல்லி 25 கிலோ மூட்டைகளாக ஒருவர் விற்றார், மாடித்தோட்டத்துக்கு வாங்கினேன். கத்தரி, தக்காளி நாற்று நட்ட கொஞ்ச நாளிலேயே இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருள ஆரம்பித்தது, குரோ பேக்கின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்தது. கேட்டால் "வெயிலுங்க சார், வேப்பம்புண்ணாக்கு போடுங்க" என்கிறார். நிழலில் வைத்திருந்த பைக்கும் அதே கதிதான், அதற்கு என்ன சொல்வார்?

அவரிடமே வாங்கிய 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்று உடைக்காமல் கிடந்தது. அதில் ஒரு கப் எடுத்து இரண்டு கப் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து, ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கிற டிடிஎஸ் மீட்டரை விட்டேன். குழாய்த் தண்ணீர் 310 காட்டியது, பிழிந்த தண்ணீர் 1,700. எல்லாம் உப்பு. கோகோபீட் என்பது தேங்காய் மட்டைத் தூள்தான், அந்த மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு, உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டையென்றால் இன்னும் அதிகம். கழுவிய பீட் தனியாக, கழுவாதது தனியாக விற்கிறார்கள், கழுவாதது மலிவு. அதைத்தான் நம் தலையில் கட்டியிருக்கிறார்.

இன்னொரு கூத்து எடை. பீட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், நனைத்து மூட்டை கட்டினால் கிலோ கணக்கில் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். என் மூட்டையைத் தரையில் கொட்டி உலர்த்தியபோது செம்மண் ஒரு பங்குகூடத் தேறாது போலிருந்தது, மண்புழு உரம் என்றதில் மக்காத இலைக்காம்பும் அமோனியா நெடியும். மக்காத உரம் தொட்டிக்குள் சூடாகி வேரைச் சுடும், மக்குவதற்குத் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப் போகும்.

மூன்றையும் கலந்த பிறகு மீட்டரை விட்டுப் பிரயோசனமில்லை, நல்ல உரமே எண்ணைத் தூக்கிக் காட்டும். அதனால் தனித்தனியாக வாங்குங்கள். கட்டியை ஊறவைத்து, சாக்கில் போட்டு, தண்ணீர் ஊற்றிப் பிழிந்து, மூன்று நான்கு முறை அலசுங்கள். பிழியும் தண்ணீரின் எண் குழாய்த் தண்ணீரை விட இருநூறு கூடுதலுக்குள் வந்தால் போதும், எனக்கு 480க்கு இறங்கியது. உரத்தை ஒரு பிடி நனைத்துப் பையில் கட்டி இரண்டு நாள் வைத்துத் திறந்து மோந்து பாருங்கள், மழை பெய்த மண்வாசம் வந்தால் சரி, நாற்றமடித்தால் வேண்டாம். அப்புறம் செம்மண், பீட், உரம் மூன்றையும் ஒரே பக்கெட்டால் அளந்து கலக்குங்கள், எடை போட வேண்டாம்.

ஏற்கெனவே நட்டுவிட்டீர்களா? பையின் அடித்துளைகள் திறந்திருக்கிறதா என்று பார்த்து, பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். உப்போடு சத்தும் போகும், வாரம் கழித்து ஒரு பிடி நல்ல உரம் போட்டுக்கொள்ளலாம். என் கத்தரி இப்படித்தான் தேறியது, தக்காளி போய்விட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "மூட்டையைப் பிரித்துவிட்டால் வாங்க மாட்டோம்" என்றார். பிரிக்காமல் எப்படித்தான் நடுவதாம்!